சுவிட்ச் போர்டை எடுத்த இடத்தில்: கிம்ப்பில் நான்கு வருடம்

பாலக்காட்டில் எங்கள் வாடகை ஃபிளாட்டின் படுக்கையறைதான் எனக்கு ஸ்டுடியோ. சென்னிமலையிலிருந்து பெட்ஷீட் வரவழைத்து, அந்தக் கட்டிலிலேயே விரித்துப் படம் எடுத்து ஆன்லைனில் விற்கிறேன். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், கதவு நிலையை ஒட்டி ஒரு பெரிய சுவிட்ச் போர்டு. அதற்குக் கீழே முழங்கால் உயரத்தில் ஒரு பிளக் பாயிண்ட். மேலே, ஃபேன் கொக்கியில் தொடங்கி ஜன்னல் பக்கம் ஓடும் ஒரு விரிசல். வீட்டுக்காரர் சுவரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே நான்கு வருடமாக இவை மூன்றையும் படத்தில்தான் அழித்துக்கொண்டிருக்கிறேன். மென்பொருள் கிம்ப், இலவசம்.

பிளக் பாயிண்டை அழிப்பது சுலபம். Resynthesizer என்ற கூடுதல் செருகியைப் போட்டுக்கொண்டால் போதும். பிளக்கைச் சுற்றிக் கட்டம் போட்டு, Filters → Enhance → Heal Selection கொடுத்தால் சில நொடியில் சுவர் மூடிக்கொள்ளும். இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். முதலாவது, கட்டம் பிளக்கோடு நிற்கக்கூடாது. அதன் அடியில் விழும் மெல்லிய நிழலும் உள்ளே வர வேண்டும். ஆரம்பத்தில் நான் நிழலை விட்டுவிடுவேன். வெறும் சுவரில் எதற்கும் சொந்தமில்லாத ஒரு சாம்பல் கோடு மட்டும் தொங்கும். இரண்டாவது, எங்கிருந்து மாதிரி எடுப்பது என்ற தேர்வு. என் அறையில் ஜன்னல் இடப்பக்கம். இடமிருந்து வலமாக வெளிச்சம் குறைந்துகொண்டே போகும், மேலிருந்து கீழே அவ்வளவாக மாறாது. அதனால் Above and below என்று வைத்தால் ஒரே வெளிச்சமுள்ள சுவரிலிருந்து நிரப்பும். சுற்றிலும் எடுக்கவிட்டால் வெளுத்த துண்டும் இருண்ட துண்டும் கலந்து சுவர் தேமல் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

சுவிட்ச் போர்டுதான் என்னை உண்மையில் வேலை வாங்கியது. படத்தில் அது 400 பிக்சலுக்கு மேல் அகலம். முதல் வருடம் முழுக்க குளோன் கருவியால்தான் அழித்தேன். பக்கத்துச் சுவரை எடுத்து மேலே பூசுவது அதன் வேலை. நிறத்தையும் அப்படியே தூக்கி வந்துவிடும். கலர் பிக்கரை வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. போர்டின் இடது ஓரத்தில் சுவரின் வெளிச்ச அளவு 214, வலது ஓரத்தில் 188. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை. ஆனால் 214-ஐ எடுத்து 188-க்குப் பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரியாமல் என்ன செய்யும்?

அப்புறம் ஹீல் கருவிக்கு மாறினேன். இது மூலத்திலிருந்து சுவரின் சொரசொரப்பை எடுத்துக்கொண்டு, நிறத்தைப் பூசும் இடத்தின் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். திறந்த சுவரில் அருமையாக வேலை செய்யும். ஆனால் என் போர்டு கதவு நிலையிலிருந்து நான்கு விரல் தூரத்தில் இருக்கிறது. தூரிகையின் ஓரம் நிலையைத் தொட்டால் போதும், தேக்கின் பழுப்பு வெள்ளைச் சுவருக்குள் கசிந்து, டீ கொட்டிய கறை போல் ஆகிவிடும். இது கருவியின் பிழை இல்லை, அது வேலை செய்யும் விதமே அதுதான்.

கடைசியில் பிடிபட்ட வழி இது. போர்டை ஹீல் செய்வதே இல்லை. லேயரை நகல் எடுத்துக்கொண்டு, போர்டையும் நிழலையும் சேர்த்துக் கட்டம் போட்டு, ஓரத்தை 12 பிக்சல் ஃபெதர் செய்கிறேன். நிலைப்பக்கம் மட்டும் கட்டம் நிலைக்கு முன்பே நின்றுவிட வேண்டும். இடது ஓரத்து நிறத்தை முன்நிறமாகவும் வலது ஓரத்து நிறத்தைப் பின்நிறமாகவும் எடுத்து, கிரேடியன்ட் கருவியால் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. வெளிச்சம் சரியான சரிவில் வந்து உட்காரும். ஆனால் அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும், ஏனென்றால் கேமரா எடுத்த சுவரில் பொடிப்பொடியாகப் புள்ளி இருக்கிறது. கட்டத்தை விடாமல் Filters → Noise → RGB Noise திறந்து, 100 சதவீதப் பெரிதாக்கத்தில் பக்கத்துச் சுவரோடு ஒப்பிட்டுக்கொண்டே மிகக் கொஞ்சமாகப் புள்ளி சேர்க்க வேண்டும். நிலையை ஒட்டி மிஞ்சும் மெல்லிய பட்டைக்கு மட்டும் பழைய குளோன், கடினமான ஓரமுள்ள சின்னத் தூரிகையோடு. மொத்தம் பத்து நிமிடம் ஆகிறது. முன்பு ஒரு மணி நேரம் போராடுவேன்.

ஒட்டு தெரிகிறதா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. Levels திறந்து இரு ஓர முக்கோணங்களையும் சுவரின் வெளிச்சத்தைச் சுற்றி நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். சுவர் ஒரேயடியாகக் கறுத்து வெளுத்து, மறைந்திருந்த ஒட்டெல்லாம் தழும்பு போல் எழும்பி நிற்கும். பார்த்துவிட்டு Cancel. இதில் தேறிய படம் எந்த ஃபோன் திரையிலும் மாட்டிக்கொள்ளாது.

சீலிங் விரிசல் ஒல்லியானது. அதைவிடச் சற்றே அகலமான தூரிகை, ஹீல் கருவி, விரிசலுக்கு இணையாகப் பக்கத்திலேயே மூலம். ஒரே இழுப்பாக இழுக்காமல் விரல்நீளம் விரல்நீளமாகப் போனால் தடமே இருக்காது. ஆனால் மூன்றாவது மழைக்காலத்தில் அந்த விரிசலைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு படர்ந்தது. நாங்கள் இருப்பது மேல்மாடி. விரிசல் போய்விட்டது, பழுப்பு போகவே இல்லை. கறைக்குள் சின்னத் தூரிகை வைத்தால் சுற்றுப்புறமும் கறைதானே, அந்த நிறத்துக்கே பொருத்திக்கொள்ளும். கறை முழுவதையும் மூடும் அளவு பெரிய தூரிகையால் ஒரே தட்டு தட்டிய பிறகுதான் வெளுத்தது.

சரி, பெட்ஷீட் படத்தில் இதெல்லாம் அழிக்கலாம். வாங்குபவருக்குப் போவது துணி, சுவர் இல்லை. துணியின் நிறத்தை மட்டும் நான் தொடுவதில்லை.

போன வருடம் இந்த ஃபிளாட் வேண்டாம், பெரிய வீடாகப் போகலாம் என்று காலி செய்ய முடிவெடுத்தோம். அடுத்து வாடகைக்கு வருபவர்களுக்குக் காட்ட வீட்டுக்காரருக்குப் படம் தேவைப்பட்டது. அவர் வந்து, "சேச்சி, அந்த போட்டோ ஒக்கெ தன்னா மதி, வேறெ எடுக்கண்டா" என்றார். நானும் யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தது. அந்த அம்மா உள்ளே நுழைந்ததும் நேராக மேலே பார்த்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரைத் தடவி, "படத்துல இங்க போர்டே இல்லையேங்க, ஃபோன் சார்ஜ் போட இடமே இல்லைன்னு நெனச்சு ஒயர் வாங்கிட்டு வந்தேனே" என்றார். கையில் புது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கவர்கூடப் பிரிக்கவில்லை.

சீலிங் ஈரத்தை நானே அவருக்குக் காட்டினேன். எந்த மாதம் சொட்டும், எந்த மூலையில் வாளி வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். அன்று மாலையே ஸ்டாண்டில் கேமராவை வைத்து, போர்டு, பிளக், விரிசல், பழுப்பு எல்லாம் தெரிகிற மாதிரி புதிதாக ஏழு படம் எடுத்தேன். வீட்டுக்காரருக்கு அனுப்பி, "சேட்டா, பழசை எடுத்துட்டு இதைப் போடுங்க, மழைக்கு முன்னாடி மேல்தளத்தை ஒருதடவை பார்த்துடுங்க" என்று எழுதினேன். மறுநாள் படத்தை மாற்றிவிட்டார். தளத்துக்கு ஆள் மே மாதம்தான் வந்தார்.