பி.எல்.எஸ். சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படிங்க

ஈரோட்டில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு ஐ.சி.யூ. வேலைக்கு, இதயம் நின்றவருக்கு அடிப்படை உயிர்காப்பு செய்யும் பயிற்சியான பி.எல்.எஸ். சான்றிதழ் கேட்டார்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில், "ஒரே நாள்ல ஈசிஜி, மருந்து வரிசை எல்லாம் சேர்த்துச் சொல்லித் தந்துடுவோமுங்க" என்றார்கள். கேட்ட பணத்தைக் கட்டினேன்.

அந்தப் பேச்சிலேயே கோளாறு இருக்கிறது. பி.எல்.எஸ்.ஸில் ஈசிஜி படிப்பதும் மருந்து வரிசையும் கிடையாது. மார்பை அழுத்துவது, மூச்சுக் கொடுப்பது, ஷாக் கொடுக்கும் ஏ.ஈ.டி. கருவியைப் பயன்படுத்துவது, இவைதான் முக்கியம். இதயத் துடிப்பின் தாளத்தைக் கருவியே கண்டறிந்து சொல்லிவிடும். மானிட்டரைப் பார்த்து நாமே தாளத்தைக் கண்டுபிடித்து மருந்து போடுவது ஏ.சி.எல்.எஸ்., அது தனிப் படிப்பு.

பத்து பேருக்கு மேல் இருந்த வகுப்பில் அழுத்திப் பழக ஒரே ஒரு பொம்மை. அதன் மார்பு ஸ்பிரிங் செத்துப்போய், அழுத்தினால் திரும்பி எழவே இல்லை. பெரியவர்களுக்கு நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுசாக மேலே வர விட வேண்டும்; அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிறையும். செத்த ஸ்பிரிங்கில் ஆழமும் தெரியாது, விடுவதும் தெரியாது. ஆளுக்குக் கொஞ்ச நேரம் அழுத்தச் சொல்லிவிட்டு, "போதும் அம்மிணி, அடுத்த ஆள் வாங்க" என்றார் பயிற்சியாளர். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிப் பழகவே இல்லை. கை தளர்ந்தால் ஆழம் குறையும் என்பதால்தான் அந்த மாற்றம்.

அப்புறம் நோட்ஸ். மானிட்டரில் துடிப்பே இல்லாமல் நேர்கோடு வந்தால் அட்ரோபின் மருந்து என்று அச்சடித்திருந்தது. அமெரிக்க இதயச் சங்கம் 2010 வழிகாட்டுதலிலேயே அதை நீக்கிவிட்டது. நேர்கோட்டுக்கு ஷாக்கும் கிடையாது. அழுத்துவதை நிறுத்தாமல், அட்ரினலின் 1 மி.கி. ரத்தக்குழாயில் முடிந்தவரை சீக்கிரம். பிறகு 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. இதயம் தாளமில்லாமல் வெறுமனே நடுங்கும் வி.எஃப். என்றால் முதலில் ஷாக், அடுத்துதான் மருந்து.

கோவையில் வேலைக்கு முன் வைத்த செயல்முறைத் தேர்வில் ஆழம் காட்டும் பொம்மை வைத்தார்கள். என் அழுத்தம் 4 செ.மீ.யைத் தாண்டவில்லை. "ஏனுங்க சிஸ்டர், உங்களுக்கு யாருங்க சொல்லிக் கொடுத்தது?" என்று அங்கிருந்த சீனியர் சிஸ்டர் கேட்டார். சான்றிதழில் சரிபார்க்கும் எண்ணே இல்லை என்பதையும் அவர்தான் காட்டினார். அமெரிக்க இதயச் சங்கத்தின் மின் அட்டை என்றால் அவர்கள் தளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். இரண்டு வருடம் செல்லும்.

மையத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சான்றிதழ் கொடுத்துட்டோமுல்லங்க" என்று போனை வைத்துவிட்டார்கள்.

சேர்வதற்கு முன் ஒரு பொம்மைக்கு எத்தனை பேர் என்று கேளுங்க. ஆழம் காட்டும் விளக்கோ, 'க்ளிக்' சத்தமோ இருக்கிறதா என்று நேரில் போய் அழுத்திப் பாருங்க. அழுத்த விடவில்லை என்றால் பணம் கட்டாமல் திரும்பிடுங்க.