பழைய கம்ப்யூட்டரில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டி 12,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள், நீங்களும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

நேற்று இரவுதான் எனக்கு உண்மை தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. எங்கள் பகுதியில் இருக்கும் கம்ப்யூட்டர் விற்பனை, சர்வீஸ் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டு டெஸ்க்டாப்பை 2010-ல் அங்கேதான் வாங்கினேன். கோர் 2 டுவோ இ7500, நான்கு ஜிபி ரேம். இடையில் ஒருமுறை எஸ்எஸ்டி போட்டதும், விண்டோஸ் 10 ஏற்றியதும் அவர்களே. அதாவது அந்தப் பெட்டிக்குள் எந்த பிராசசர் இருக்கிறது என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது இதுதான்.

போன மாதம் பைபர் இணைப்பை ஒரு ஜிபிபிஎஸ், அதாவது விநாடிக்கு ஆயிரம் மெகாபிட் பிளானுக்கு மாற்றினோம். வீட்டில் நாலு பேர், டிவி, மகளின் வேலை, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தேவைதான் என்று நினைத்தேன். மாற்றிய அன்றே டெஸ்க்டாப்பில் பிரௌசரைத் திறந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். 290 வந்தது. மறுபடி போட்டேன், 275. இன்னொரு தடவை, 305. ஆயிரத்துக்குக் காசு கட்டிவிட்டு முந்நூறு வாங்குகிறோமே என்று வயிறு எரிந்தது. இணைப்புக் கம்பெனிக்குப் போன் போட்டால் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நம்பவில்லை.

அதனால் கடைக்குப் போனேன். மறுநாளே ஒரு பையனை அனுப்பினார்கள். வந்தவன் என் கம்ப்யூட்டரில் அதே டெஸ்ட்டைப் போட்டான். 280. "சார், கம்பெனி குடுத்த ரவுட்டர் தாங்காது. கேபிளும் பழசு. போர்டுல இருக்கிற லேன் போர்ட்டும் வீக்கா இருக்கும். மூணையும் மாத்திட்டா ஆயிரம் வந்துடும்" என்றான். வேறு எதையும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைக்கூடத் திறக்கவில்லை.

ரவுட்டர் 6,900. கேட் 6 கேபிள் இழுத்துப் பொருத்தக் கூலியோடு 3,400. லேன் கார்டு 1,250. "ஸ்பீடு டியூனிங்" என்று ஒரு சாப்ட்வேருக்கு 950. ஆக மொத்தம் 12,500 ரூபாய்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும் தன் லேப்டாப்பைப் புதிய கேபிளில் சொருகி டெஸ்ட் போட்டுக் காட்டினான். 931. "பாத்தீங்களா சார், இப்ப வந்துடுச்சு" என்றான். நான் நம்பினது அந்த நொடியில்தான். கண் முன்னால் எண் தெரிகிறதே, பிறகு என்ன சந்தேகம் என்று ஜிபேயில் அனுப்பிவிட்டேன். அதே லேப்டாப்பைப் பழைய ரவுட்டரில், பழைய கேபிளில் முதலிலேயே சொருகிக் காட்டியிருக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் 12,500 ரூபாய் மிச்சம்.

அவன் போன பிறகு என் கம்ப்யூட்டரில் போட்டேன். 310. போன் செய்தேன். "புது ரவுட்டர் சார், செட்டாக ரெண்டு நாள் ஆகும்" என்றான். ரவுட்டர் என்ன இட்லி மாவா, புளித்து வருவதற்கு? இரண்டு நாள் கழித்து 285. மறுபடி போன். "சர்வர் பிஸியா இருக்கும், ராத்திரி போட்டுப் பாருங்க." ராத்திரி 300. கடைக்கு நேரில் போனேன். கல்லாவில் இருந்தவர் பில்லைக்கூட வாங்கிப் பார்க்காமல் "லைன் பிராப்ளம் சார், கம்பெனிகிட்ட கேளுங்க" என்றார். ரவுட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு "பிரிச்ச ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். பதினைந்து வருஷ வாடிக்கையாளன் நான்.

நேற்று என் அக்கா மகன் ஊரிலிருந்து வந்திருந்தான். நெட்வொர்க் வேலையில் இருப்பவன். "மாமா, டெஸ்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைங்க" என்றான். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்பாமன்ஸ் பகுதியில் சிபியு வரைபடத்தில் வலது கிளிக் செய்து, பிராசசருக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டும்படி வைத்தான். டெஸ்ட் ஓடிய பத்து விநாடியும் இரண்டு கோரும் கூரையைத் தொட்டு நின்றன. "லைன் காத்துக்கிட்டு இருக்கு மாமா, உங்க பெட்டிதான் வாங்க முடியாம திணறுது" என்றான்.

அவன் சொன்ன காரணத்தை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பிரௌசரில் ஓடும் டெஸ்ட் என்பது வெறுமனே கம்பி வழியே வருவதை எண்ணுவது இல்லை. வரும் ஒவ்வொரு துண்டும் பூட்டுப் போட்டு வருகிறது, அதை பிராசசர் திறக்க வேண்டும். பிறகு பிரௌசருக்குள்ளேயே ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் கைமாற்ற வேண்டும், அப்புறம் அந்தப் பக்கத்தின் நிரல் அதை எண்ண வேண்டும். பூட்டைத் திறக்கும் வேலைக்கென்றே தனி வசதியை இன்டெல் 2010-ல் இருந்துதான் தன் பிராசசர்களில் சேர்க்க ஆரம்பித்தது, அப்போதும் எல்லா மாடலிலும் இல்லை. பிந்தைய சில ஐ3-களில்கூட அது கிடையாது. என் கோர் 2 டுவோவில் சுத்தமாக இல்லை. எல்லாவற்றையும் சாதாரணக் கணக்காகவே போட்டுத் தீர்க்க வேண்டும். இதற்கு மேல் என் ஆன்டிவைரஸ் பூட்டுப் போட்ட பக்கங்களையும் சோதிக்கும் வகை. அது ஒருமுறை திறந்து, பார்த்து, மறுபடி பூட்டி பிரௌசரிடம் கொடுக்கிறது. ஒரே வேலை இரண்டு தடவை.

அவன் ஆன்டிவைரஸில் அந்த ஒரு சோதனையை மட்டும் சிறிது நேரம் நிறுத்தி, பிரைவேட் விண்டோவில் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் போட்டான். 300 இருந்தது 390 ஆனது. இன்னொரு பிரௌசரில் போட்டால் 240. அதே கம்பி, அதே நிமிஷம். கம்பியில் கோளாறு என்றால் பிரௌசரை மாற்றினால் எண் இவ்வளவு மாறுமா?

அப்புறம் செய்ததுதான் எனக்கு அழுகையே வரவழைத்தது. புது ரவுட்டரைக் கழற்றிவிட்டு, கம்பெனி கொடுத்த பழைய ரவுட்டரில் பழைய கேபிளால் அவன் லேப்டாப்பைச் சொருகினான். 934. நான் 12,500 ரூபாய் கொடுப்பதற்கு முன்னாலேயே என் வீட்டில் அது இருந்திருக்கிறது. (ஆயிரம் என்று எழுதியிருந்தாலும் கிகாபிட் கம்பியில் 940 வாக்கில்தான் வரும், மீதி தகவலைச் சுற்றிக் கட்டும் உறைகளுக்குப் போய்விடும் என்றான்.)

லேன் போர்ட் "வீக்" என்றானே அந்தப் பையன், அதையும் பார்த்தோம். பிரௌசரும் இணையமும் இல்லாமல் இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் மட்டும் வேகம் பார்க்கும் iperf3 என்ற சின்ன இலவச நிரல் இருக்கிறது. இதில் பூட்டுத் திறக்கும் வேலை இல்லை. லேப்டாப்பில் இது:

```
iperf3 -s
```

என் டெஸ்க்டாப்பில் இது (எண் லேப்டாப்பின் முகவரி, கடைசியில் இருக்கும் -R லேப்டாப்பை அனுப்பச் சொல்லி நாம் வாங்குவதற்கு):

```
iperf3 -c 192.168.1.7 -t 20 -R
```

போர்டில் முதலிலிருந்தே இருந்த போர்ட்டில் 938 வந்தது. கடைக்காரன் போட்ட 1,250 ரூபாய் கார்டில் 610. ஆமாம், புதியது பழையதைவிட மோசம். அவன் அதைச் சொருகியது பழைய பிசிஐ ஸ்லாட்டில். அந்த ஸ்லாட்டின் மொத்தக் கொள்ளளவே ஏட்டளவில் விநாடிக்கு 133 மெகாபைட், மெகாபிட்டில் சொன்னால் ஆயிரத்துச் சொச்சம், அதையும் மற்ற கார்டுகளோடு பங்கு போட வேண்டும். நடைமுறையில் கிகாபிட் அதில் முழுதாக ஓடாது. ஏற்கெனவே நன்றாக இருந்த போர்ட்டை விட்டுவிட்டு, குறுகலான வழியில் கேபிளை மாற்றிவிட்டுப் போயிருக்கிறான்.

போர்டில் இருந்த போர்ட்டுக்கே கேபிளைத் திருப்பி, பிரௌசர் இல்லாமல் தனியாக நிறுவும் ஸ்பீடு டெஸ்ட் ஆப்பில் போட்டோம். அதே பழைய பெட்டியில் 780. மாலை வரைக்கும் 300 காட்டிக்கொண்டிருந்த பெட்டி அது. 950 ரூபாய் "டியூனிங்" சாப்ட்வேரை நீக்கிவிட்டோம், எண்ணில் ஒரு வித்தியாசமும் இல்லை.

எச்சரிக்கையாக விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். யாராவது உங்கள் பழைய கம்ப்யூட்டரில் பிரௌசர் டெஸ்ட் போட்டு "ரவுட்டரை மாத்தணும்" என்றால், சிபியு வரைபடத்தைத் திறந்து வைத்து இன்னொரு தடவை போடச் சொல்லுங்கள். இரண்டு கோர் பெட்டியில் மொத்தம் 50 சதவீதம் என்று காட்டினாலும் ஒரு கோர் நிரம்பியிருக்கலாம், தனித்தனியாகப் பாருங்கள். எதையும் வாங்குவதற்கு முன்பு, புது லேப்டாப் ஒன்றைப் பழைய கேபிளிலேயே சொருகிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வைபையில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். கேபிள் உண்மையிலேயே பழுது என்றால் பெரும்பாலும் எண் 94 பக்கத்தில் ஆடாமல் நிற்கும், ஏனென்றால் ஒரு கம்பி ஜோடி போனாலும் இணைப்பு நூறுக்கு இறங்கிவிடும். விண்டோஸ் பவர்ஷெல்லில் இதை அடித்தால் LinkSpeed என்ற இடத்தில் 1 Gbps என்று இருக்கிறதா, 100 Mbps என்று இருக்கிறதா என்று தெரியும்:

```
Get-NetAdapter
```

என்னுடையதில் 1 Gbps என்றுதான் இருந்தது. அந்தப் பையன் இந்த ஒரு வரியை அடித்திருந்தால் கேபிளுக்கு 3,400 கேட்டிருக்க முடியாது.

இன்று காலை பில்லோடும் iperf3 எண்களின் படத்தோடும் கடைக்குப் போனேன். முதலாளி இல்லை என்றார்கள். போன் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. கார்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டு ரவுட்டரோடு எடுத்து வைத்திருக்கிறேன். நாளை அக்கா மகன் ஊருக்குப் போவதற்குள் அவனையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன். 12,500 ரூபாயில் எவ்வளவு திரும்பி வந்தாலும், வராவிட்டாலும், இங்கேயே எழுதுகிறேன்.