டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா, வாலட்டா, யுபிஐயா?

இணையக் கடையில் 3,000 ரூபாய்க்கு ஒரு மிக்சி வாங்குவதாகக் கொள்வோம்.

பணம் போகும் நேரம்: டெபிட் கார்டிலும், வங்கிப் பரிமாற்றமான யுபிஐயிலும் உடனே உங்கள் கணக்கில் குறையும், வாலட்டில் முன்பே ஏற்றிய தொகை குறையும், கிரெடிட் கார்டில் வங்கி கொடுத்துவிட, நீங்கள் கெடு நாளுக்குள் கட்டுகிறீர்கள்.

செலவு: டெபிட் கார்டு, யுபிஐ, வாலட் மூன்றிலும் வாங்குபவருக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. கிரெடிட் கார்டிலும் முழுத் தொகையைக் கட்டினால் வட்டி இல்லை; ஆனால் பில்லில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறுவதோடு, அடுத்து வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. புதியவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான்.

மிக்சி வராவிட்டால்: இரு கார்டுகளிலும் வங்கியில் முறையிடலாம், தீரும்வரை டெபிட் கார்டில் முடங்கிக் கிடப்பது உங்கள் பணம். யுபிஐயில் தவறானவருக்கு அனுப்பியதை மீட்க, பெரும்பாலும் பெற்றவரின் சம்மதம் வேண்டும். பணம் பெற உங்கள் ரகசிய பின் எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி.

ஆகவே காய்கறிக்கும் தேநீருக்கும் யுபிஐ அல்லது சிறு தொகை ஏற்றிய வாலட் போதும். அறிமுகமில்லாத இணையக் கடைக்கு, முழு பில்லையும் கட்ட முடிந்தவருக்குக் கிரெடிட் கார்டு, மற்றவருக்கு டெபிட் கார்டு பொருந்தும்.