இத்தாலிய வீட்டுக் கடன் சலுகையை ஆங்கிலத்தில் தருவது: ஏழு வருட அனுபவம்

மிலானில் வீடு வாங்கும் வெளிநாட்டவர்களுக்காக ஏழு வருடங்களாக வங்கிகளின் கடன் சலுகைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வருகிறேன். வேலை நேரம் முழுக்க நான் திறந்து வைத்திருப்பது, ஐரோப்பிய ஒன்றியச் சட்டங்களைப் பல மொழிகளில் தரும் யூர்-லெக்ஸ் தளம். வங்கி கட்டாயம் தரவேண்டிய ‘பியெஸ்’ தகவல் படிவம் 2014-இன் ஐரோப்பிய ஒன்றிய உத்தரவிலிருந்து வந்தது. தேடல் பெட்டியில் 32014L0017 என்று போட்டு, பலமொழிக் காட்சியைத் தேர்ந்தெடுத்தால், இத்தாலியும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கமாக வரும். இரண்டாம் இணைப்பில் படிவத்தின் தலைப்புகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றை நான் சொந்தமாக எழுதுவதே இல்லை.

தலைப்புக்குக் கீழே வங்கி எழுதும் வாக்கியங்களுக்குத்தான் அங்கே விடை கிடையாது. என் பெரிய தவறும் அங்கேதான் நடந்தது.

அது மாறும் வட்டிக் கடன்: வங்கிகள் தங்களுக்குள் யூரோ கடன் கொடுக்கும் வட்டி விகிதமான மூன்று மாத யூரிபோர், அதன் மேல் வங்கியின் லாபமாக 1.40 சதவீதம். யூரிபோர் பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதைப் பூஜ்யமாகக் கொள்வோம் என்றது ஒரு விதி. ‘வட்டி பூஜ்யத்துக்குக் கீழே போகாது’ என்று நான் எழுதிவிட்டேன். யூரிபோர் -0.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வாக்கியப்படி வட்டி 0.90, உண்மையில் 1.40. 2015 முதல் 2022 வரை யூரிபோர் பூஜ்யத்துக்குக் கீழேதான் இருந்தது. கையெழுத்துக்கு முன் வாடிக்கையாளரே கணக்குப் போட்டுப் பார்த்துக் கேட்டதால் திருத்த முடிந்தது. இப்போது இந்த விதி வந்தால், அந்தக் கீழ்வரம்பு யூரிபோருக்கா மொத்த வட்டிக்கா என்று எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நிலையான வட்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரிட்டனில் ‘ஃபிக்ஸட்’ என்றால் பெரும்பாலும் முதல் சில வருடங்களுக்கு மட்டும். இத்தாலியில் ‘தாஸ்ஸோ ஃபிஸ்ஸோ’ கடைசித் தவணை வரைக்கும். அதனால் ‘கடன் காலம் முழுவதும்’ என்று சேர்த்து எழுதுவேன்.

தவணை அட்டவணையை ‘ஃபிரெஞ்சு முறை’ என்று எழுதியிருப்பார்கள். அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் யாருக்கும் புரியாது. ‘சமமான தவணைகள், ஆரம்பத்தில் வட்டிப் பங்கு அதிகம்’ என்பதே பொருள். 1,50,000 யூரோ, 20 வருடம், 3 சதவீதம் என்றால் மாதத் தவணை 831.90 யூரோ, முதல் மாதத்தில் அதில் 375 வட்டி, 456.90 அசல். இத்தாலியில் தசமத்துக்குக் காற்புள்ளி வரும், எண்களை மாற்றியதும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

முன்கூட்டியே அடைப்பதற்கு ‘செட்டில்மென்ட்’ என்று போடாதீர்கள். முழுக் கடனையும் முடிப்பது போலத்தான் அது கேட்கும். இத்தாலிய விதி பகுதியாக அடைப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. உத்தரவில் உள்ள ‘எர்லி ரீபேமென்ட்’ இரண்டுக்கும் பொருந்தும். தனிநபர் குடியிருக்கும் வீடு வாங்க எடுத்த கடனுக்கு 2007-இலிருந்து அபராதம் வாங்கக் கூடாது. அதற்காக ‘எந்தச் செலவும் இல்லை’ என்று எழுதிவிட முடியாது. அடைக்கும் நாள்வரைக்கான வட்டியைக் கட்டியே ஆகவேண்டும்.