உச்சத்தில் நிற்கும் பிடி 100, தரையில் கிடக்கும் பிடி 100: வயர் அறுந்ததா, ஷார்ட்டா?

தெலுக் இந்தான் பக்கத்து செம்பனை ஆலை ஒன்றில் எண்ணெய் தெளிவுத் தொட்டியின் வெப்பநிலை ஒரு நாள் காலையில் கன்ட்ரோலரில் உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. "சென்சார் போச்சு தம்பி, புதுசு மாத்து" என்றார் ஃபோர்மன் அண்ணன். மாற்றினேன். அளவு அசையவில்லை.

அந்தத் தொட்டியில் இருந்தது பிடி 100 என்னும் வெப்பநிலை சென்சார். அது 0 டிகிரியில் 100 ஓம் காட்டும். சூடு ஏற ஏற, டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம் கூடும். தொட்டி 90 டிகிரியில் இருக்கும்போது 134.7 ஓம். வயர் அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் போகும், அளவு உச்சத்துக்கு ஏறும். ஷார்ட் ஆனால் மின்தடை சில ஓமுக்கு விழும், அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். "மேலே போனால் அறுந்தது, கீழே விழுந்தால் ஷார்ட்" என்று எல்லாரும் சொல்வது இதை வைத்துத்தான். இரண்டு வயர் சென்சாராக இருந்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எங்கள் தொட்டியில் இருந்தது மூன்று வயர்.

மூன்றாவது வயர் எதற்கு? தொட்டிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் எங்களுக்கு 40 மீட்டர் கேபிள். ஒரு வயருக்குச் சுமார் 1 ஓம். போக ஒன்று, வர ஒன்று என்று 2 ஓம் கூடினால் ஏறக்குறைய 5 டிகிரி அதிகமாகக் காட்டும். வெள்ளை வயர் சென்சாரின் ஒரு முனையில், சிவப்பு வயர் இரண்டும் மறுமுனையில் இருப்பதால், கன்ட்ரோலர் கேபிளின் மின்தடையை அளந்து கழித்துவிடும். மூன்று வயரும் ஒரே மின்தடை என்று அது நம்புகிறது. வெள்ளை வயரின் முனை துருப்பிடித்தால் அளவு கூடும். சிவப்பில் துருப்பிடித்தால் சில கருவிகளில் குறையும். அப்படியென்றால் ஒரு சிவப்பு வயர் முழுதாக அறுந்தால்? கருவியின் அமைப்பைப் பொறுத்து மேலேயும் போகலாம், கீழேயும் விழலாம். இதனால்தான் திரையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறேன். சென்சார் அறுந்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையே சில கருவிகளில் நாமே மாற்றி வைக்கலாம்.

மல்டிமீட்டர்தான் உண்மையைச் சொல்லும். முதலில் தொட்டியைச் சூடாக்கும் ஆவி வால்வை மேனுவலுக்கு மாற்றுங்கள். அப்புறம் கன்ட்ரோலரிலிருந்து மூன்று வயரையும் கழற்றி அளக்க வேண்டும். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் 0.2, 0.3 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அன்று எனக்குக் கிடைத்தது இது: வெள்ளைக்கும் முதல் சிவப்புக்கும் 136.7. வெள்ளைக்கும் இரண்டாம் சிவப்புக்கும் OL, அதாவது இணைப்பே இல்லை. இரண்டு சிவப்புக்கும் நடுவிலும் OL. 136.7-இல் கேபிளின் 2 ஓமைக் கழித்தால் 134.7, அதாவது 90 டிகிரி. சென்சார் நன்றாகத்தான் இருந்தது. சென்சாரும் கேபிளும் இணையும் தொட்டித் தலையில், கேபிள் நுழையும் கிளாண்டில் இரண்டாம் சிவப்பு அதிர்வால் அறுந்திருந்தது. கழற்றி வைத்த பழைய சென்சாரையும் அளந்தேன், அதிலும் குறை இல்லை.

மாறாக, சிவப்பு இரண்டுக்கும் நடுவில் 2 ஓம் சரியாக வந்து, வெள்ளையோடு எந்தச் சிவப்பை அளந்தாலும் OL என்றால், வெள்ளை வயரோ சென்சாரோ அறுந்திருக்கிறது. தொட்டித் தலையில் ஒருமுறை அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஷார்ட் என்றால் எண்கள் வேறு மாதிரி. வெள்ளைக்கும் இரண்டு சிவப்புக்கும் 2 ஓம் வந்தால் ஷார்ட் தொட்டித் தலையிலோ சென்சாரிலோ இருக்கிறது. ஒரு சிவப்போடு மட்டும் 1.2 ஓம் வந்தால் வழியிலேயே வயர்கள் ஒட்டிக்கொண்டுள்ளன. போக 0.6, வர 0.6 என்று கணக்குப் போட்டால் 24-ஆவது மீட்டர் பக்கம் தேடலாம். தலைக்குள் ஆவி புகுந்து ஈரமாவது இன்னும் ஏமாற்றும். அது முழு ஷார்ட் இல்லை. 10 கிலோ ஓம் கசிவு இருந்தால்கூட ஏறக்குறைய 5 டிகிரி குறைவாகக் காட்டும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இரண்டில் எனக்குப் பயம் ஷார்ட்டைப் பார்த்துத்தான். அளவு உச்சத்துக்குப் போனால் கன்ட்ரோலர் ஆவி வால்வை மூடும், தொட்டி ஆறும், அவ்வளவுதான். அடிமட்டத்துக்கு விழுந்தால் "குளிர்ந்துவிட்டது" என்று நினைத்து வால்வை முழுதாகத் திறக்கும், எண்ணெய் கொதிக்கும். அறுந்ததைக் கண்டுபிடிக்கும் கருவிகள் எல்லாமே ஷார்ட்டையும் கண்டுபிடிக்கும் என்று எண்ணக் கூடாது.

புது கேபிள் வரும்வரை கன்ட்ரோலரில் இரண்டு சிவப்பு முனைகளையும் ஒரு சின்ன வயரால் இணைத்து ஓட்டினேன். கேபிள் கழிவு இல்லாமல் போனதால் திரை 95 காட்டியபோது தொட்டி 90-இல் இருந்தது. ஆகவே செட் பாயின்டை 5 டிகிரி உயர்த்தி, அடுத்த ஷிஃப்டுக்குத் தெரியும்படி கன்ட்ரோலர் மேலேயே சீட்டு எழுதி ஒட்டினேன்.