குடும்பத்துக்கான பாஸ்வேர்ட் மேனேஜர்: அவசர அணுகலை வைத்துப் பார்த்தால் எது தேறும்?

தெனாகா மின்கட்டணம், பினாங்கு தண்ணீர்க் கட்டணம், யூனிஃபை, மாநகர் மன்றத்தின் மதிப்பீட்டு வரி, வருமான வரிக்கான மைடேக்ஸ், ஊழியர் சேம நிதி என்று எங்கள் வீட்டின் இணையக் கணக்குகள் பெரும்பாலும் என் கையில்தான் இருந்தன. நானும் மனைவியும் அம்மாவும் பினாங்கில் இருக்கிறோம். மனைவியின் தம்பி கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார். எங்களுக்குப் பொருத்தமான பாஸ்வேர்ட் மேனேஜரைத் தேடியபோது பிட்வார்டன், 1பாஸ்வேர்ட், லாஸ்ட்பாஸ் ஆகிய மூன்றின் திட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, முடிவில் பிட்வார்டனின் குடும்பத் திட்டத்தை எடுத்தோம். ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1பாஸ்வேர்டை நான் இலவசச் சோதனைக் காலத்தில் மட்டுமே பயன்படுத்தினேன் என்பதையும் வாசகர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

எத்தனை சாதனங்களில் ஒத்திசைவு கிடைக்கும் என்ற கேள்விக்கு இன்று அதிக இடம் தேவையில்லை. பிட்வார்டனில் இலவசக் கணக்குக்கே சாதன வரம்பு கிடையாது. 1பாஸ்வேர்டில் இலவசத் திட்டமே இல்லை. கட்டணம் செலுத்துபவருக்கு வரம்பும் இல்லை. லாஸ்ட்பாஸ் மட்டும் 2021 மார்ச் முதல் இலவசப் பயனர்களைக் கணினி வகை, கைப்பேசி வகை என்ற இரண்டில் ஒன்றுக்குள் நிறுத்திவிட்டது. அலுவலகத்தில் கணினியும் வெளியில் கைப்பேசியும் பயன்படுத்துபவருக்கு அந்த இலவசத் திட்டம் உதவாது. கட்டணம் செலுத்தினால் அந்தத் தடை நீங்கும். ஆனால் 2022-ஆம் ஆண்டு ஊடுருவலில் வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் அடங்கிய, மறையாக்கம் செய்யப்பட்ட பெட்டகங்களின் காப்புப் பிரதிகளே திருடப்பட்டன என்பது தெரிந்த பிறகு, பணம் கட்டி அங்கே போக எனக்கு மனம் வரவில்லை. இனி போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

பகிர்வில் 1பாஸ்வேர்ட் ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் குடும்பத் திட்டத்தில் ஐந்து பேர் சேரலாம். ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டகம் இருக்கும், பொதுவான பெட்டகத்தில் ஒரு கடவுச்சொல்லைப் போட்டால் அது எல்லோர் கைப்பேசியிலும் வந்துவிடும். அம்மாவைப் போன்றவர்களுக்கு விளக்கிச் சொல்வதற்கு இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. பிட்வார்டனின் குடும்பத் திட்டத்தில் ஆறு பேருக்கு இடமுண்டு, விலையும் குறைவு. ஆனால் அங்கே பகிர்வதற்கு முதலில் குழு ஒன்றை அமைத்து, அதற்குள் தொகுப்புகளை உருவாக்கி, யார் எதைப் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் பிட்வார்டனில் இதை இலவசமாகவே செய்துகொள்ளலாம். மூன்றாவது ஆள் வரும்போதுதான் கட்டணத் திட்டம் தேவைப்படுகிறது.

இவற்றையெல்லாம் தாண்டி என் முடிவைத் தீர்மானித்தது அவசர அணுகல். கணக்கு வைத்திருப்பவர் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் பேச முடியாமல் கிடக்கிறார், அல்லது இறந்துவிடுகிறார் என்றால், அவருடைய பெட்டகத்தை வீட்டார் எப்படித் திறப்பது என்ற கேள்விக்கு இரு நிறுவனங்களும் முற்றிலும் வேறான விடைகளைத் தருகின்றன.

பிட்வார்டனில் கட்டணக் கணக்கு உள்ளவர் தமக்கு நம்பகமான ஒருவரை அவசரத் தொடர்பாக நியமிக்கலாம். நியமிக்கப்படுபவருக்கு இலவசக் கணக்கே போதும் என்பதால், குடும்பத் திட்டத்துக்கு வெளியில் இருக்கும் மைத்துனரையும் நான் சேர்க்க முடிந்தது. ஒவ்வொருவருக்கும் காத்திருப்புக் காலம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம்: ஒரு நாள், இரண்டு நாள், 7, 14, 30 அல்லது 90 நாள். தேவை வரும்போது அவர் தமது கணக்கிலிருந்து அணுகல் கோருவார். உடனே எனக்கு மின்னஞ்சல் வரும். நான் நலமாக இருந்தால் மறுத்துவிடலாம். காத்திருப்புக் காலம் முடியும்வரை நான் மறுக்காவிட்டால் பெட்டகம் தானாகவே அவருக்குத் திறக்கும். இதற்காக நிறுவனம் என் கடவுச்சொல்லை எங்கும் வைத்திருப்பதில்லை. என் பெட்டகத்தின் சாவி அவருடைய பொதுச் சாவியால் பூட்டப்பட்டு வழங்கியில் காத்திருக்கிறது, அவருடைய தனிச் சாவியால் மட்டுமே அதைத் திறக்க முடியும்.

நியமனத்துக்கு மூன்று படிகள் உண்டு: நான் அழைக்க வேண்டும், அவர் ஏற்க வேண்டும், பிறகு நான் மீண்டும் உள்ளே சென்று உறுதிசெய்ய வேண்டும். மேலே சொன்ன சாவிப் பரிமாற்றம் நடப்பது இந்த மூன்றாவது படியில்தான். அவர் ஏற்றுக்கொண்டதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டால், பட்டியலில் பெயர் இருக்கும், சாவி போய்ச் சேர்ந்திருக்காது. பெயருக்குப் பக்கத்தில் Needs confirmation என்ற குறிப்பு நின்றால் படி பாக்கி இருக்கிறது என்று பொருள். உறுதிசெய்யும்போது திரையில் ஐந்து ஆங்கிலச் சொற்கள் கொண்ட அடையாளத் தொடர் ஒன்று தோன்றும். அது எதிர்முனையில் இருப்பவர் தமது கணக்கின் அமைப்புகளில் காணும் தொடரோடு ஒத்துப்போக வேண்டும். மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்து ஒவ்வொரு சொல்லாகப் படிக்கச் சொன்னேன். “அத்தான், வங்கியில்கூட என்னை இவ்வளவு விசாரித்ததில்லை” என்றார். ஆனாலும் ஐந்தையும் படித்து முடித்தார்.

காத்திருப்புக் காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் சற்று யோசனை வேண்டும். மனைவிக்கு இரண்டு நாள் வைத்தேன், ஏனென்றால் நான் மருத்துவமனையில் இருக்கும்போது அவருக்குத்தான் காப்புறுதிக் கணக்கும் கட்டண ரசீதுகளும் உடனடியாகத் தேவைப்படும். மைத்துனருக்கு 14 நாள். நாங்கள் இருவருமே ஒரே விபத்தில் சிக்கும் நிலைக்காகத்தான் அவர் இருக்கிறார். அந்த நிலையில் இரண்டு வாரம் தாமதமானால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. அதே நேரம், பழனிக்கோ சபரிமலைக்கோ போய் ஒரு வாரம் மின்னஞ்சலே பார்க்காமல் இருப்பவர், அந்த இடைவெளியைவிட நீண்ட காலத்தை வைப்பதுதான் முறை. மறுக்கும் வாய்ப்பு அவர் கண்ணில் படாமலே காலாவதியாகிவிடக் கூடாது.

அணுகலில் இரண்டு வகை உண்டு. View என்பது பெட்டகத்தைப் பார்க்க மட்டும் அனுமதிக்கிறது. Takeover என்பது அவசரத் தொடர்பாக இருப்பவரைப் பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லைப் புதிதாக அமைக்கச் சொல்லிக் கணக்கையே ஒப்படைக்கிறது. என் பழைய கடவுச்சொல் செல்லாமல் போகும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் நீக்கப்படும், நான் உரிமையாளராக இல்லாத குழுக்களிலிருந்தும் என் கணக்கு விலக்கப்படும். உடல் தேறித் திரும்பி வரக்கூடிய ஒருவருக்கு இது தேவைக்கு மிஞ்சிய நடவடிக்கை. எங்கள் வீட்டுக்கு View போதும் என்று முடிவு செய்தோம்.

பகிர்வும் அவசர அணுகலும் ஒன்றோடொன்று மோதும் இடம் ஒன்று உண்டு. குழுவின் தொகுப்புக்குள் நகர்த்திய கடவுச்சொல் குழுவுக்குச் சொந்தமாகிவிடுகிறது. View வழியாக வருபவருக்கு என் தனிப் பெட்டகம் மட்டுமே தெரியும், குழுவின் உருப்படிகள் தெரியமாட்டா. மனைவி குழுவில் இருப்பதால் மின்கட்டணக் கணக்கை எப்படியும் பார்த்துவிடுவார். மைத்துனர் குழுவில் இல்லை. ஆகவே அவர் கண்ணில் படவேண்டிய சிலவற்றைத் தனிப் பெட்டகத்தில் ஒரு குறிப்பாகவும் எழுதி வைத்தேன். மனைவியையும் குழுவின் இன்னோர் உரிமையாளராக்கியிருக்கிறேன், கட்டணத்தையோ உறுப்பினர்களையோ மாற்ற என்னை எதிர்பார்க்கத் தேவையில்லை.

கடன் அட்டை விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் இறந்த செய்தி தெரிந்ததும் வங்கி அட்டையை முடக்கும். அடுத்த ஆண்டுக் கட்டணம் போகாது, திட்டம் காலாவதியாகும். அப்படிக் காலாவதியான பிறகும், முன்பே நியமிக்கப்பட்ட தொடர்புகள் அணுகல் கோரலாம், பெறலாம் என்பது பிட்வார்டனின் விதி. புதியவரைச் சேர்க்கவோ இருப்பவரை மாற்றவோதான் முடியாது. என்னைப் பொறுத்தவரை தராசு சாய்ந்தது இந்த விதியால்தான்.

1பாஸ்வேர்டில் காத்திருப்புக் காலத்தோடு கூடிய அவசரத் தொடர்பு என்ற ஏற்பாடு இல்லை. அதற்குப் பதிலாக முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, குடும்ப அமைப்பாளர் மற்றோர் உறுப்பினரின் கணக்கை மீட்கலாம்; ஆனால் மீட்பைத் தொடங்கியதும் இணைப்பு அந்த உறுப்பினரின் மின்னஞ்சலுக்கே போகும், அதைத் திறந்து புதிய கடவுச்சொல்லை அமைக்க வேண்டியவரும் அவரே. கடவுச்சொல்லை மறந்த அம்மாவுக்கு இது அருமையான வசதி. சுயநினைவில்லாதவருக்கு, அவருடைய மின்னஞ்சலும் கைப்பேசியும் வீட்டார் கையில் இருந்தால் மட்டுமே பயன்படும். அமைப்பாளராக இருப்பவரே விழுந்துவிட்டால் மீட்பதற்கு இன்னொருவர் வேண்டும் என்பதால், குறைந்தது இரண்டு அமைப்பாளர்களை வைப்பது கட்டாயம்.

இரண்டாவது, எமர்ஜென்சி கிட் என்ற ஒரு தாள். கணக்கின் முகவரி, மின்னஞ்சல், புதிய சாதனத்தில் உள்நுழையக் கடவுச்சொல்லோடு தேவைப்படும் ரகசியச் சாவி ஆகியவை அதில் அச்சாகி வரும். கடவுச்சொல்லை நாமே கையால் எழுதி, இரும்பு அலமாரியிலோ வங்கிப் பாதுகாப்புப் பெட்டியிலோ வைக்க வேண்டும். இதில் சிக்கலான படிகள் எதுவுமில்லை, மறுமுனையில் இருப்பவருக்குக் கணக்கும் தேவையில்லை. ஆனால் அந்தத் தாள் யார் கையில் கிடைக்கிறதோ அவருக்கு இடைப்பட்ட காத்திருப்பு இல்லை, எனக்கு எச்சரிக்கையும் வராது. கடவுச்சொல்லை மாற்றிய அன்றே தாளையும் மாற்றாவிட்டால் அது வெறும் காகிதம். பினாங்கின் பழைய மர அலமாரிகளில் கரையானையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும். இருந்தாலும், இணையத்தோடு ஒட்டாத பெற்றோரையே வாரிசாக வைத்திருப்பவருக்கு இந்தத் தாளே பிட்வார்டனைவிடப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஐபோன் மட்டுமே உள்ள வீடுகளில் ஆப்பிளின் சொந்த பாஸ்வேர்ட்ஸ் செயலி போதாதா என்ற கேள்வி வரும். பகிர்வுக்குப் போதும். ஆனால் நம் இறப்புக்குப் பின் கணக்கை அணுக ஆப்பிள் அனுமதிக்கும் மரபுத் தொடர்பாளருக்குப் படங்களும் குறிப்புகளும் கிடைக்குமே தவிர, சாவிக்கொத்தில் உள்ள கடவுச்சொற்கள் கிடைக்கமாட்டா என்பது அந்நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லும் விலக்கு.

எந்தத் திட்டத்தை எடுத்தாலும் வங்கிக் கணக்கு வேறு கதை. இங்குள்ள வங்கிகளின் பண மாற்றம் இப்போது பதிவுசெய்த ஒரே கைப்பேசியில் ஒப்புதல் தந்தால்தான் நடக்கிறது. வெறும் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு பணத்தை நகர்த்த முடியாது, இறந்தவரின் கணக்கில் அப்படி முயல்வதும் சட்டப்படி சரியல்ல. அதனால் என் பெட்டகத்தில் வங்கிகளுக்கென்று உள்ள குறிப்பில் கடவுச்சொல் இல்லை. எந்த வங்கியில் எந்தக் கிளையில் கணக்கு இருக்கிறது, சேம நிதிக்கு யாரை வாரிசாக நியமித்திருக்கிறேன், உயில் எங்கே இருக்கிறது என்ற விவரங்கள் மட்டுமே அதில் இருக்கின்றன. கைப்பேசியின் பூட்டு எண்ணும், மின்னஞ்சல் கணக்கின் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான மாற்றுக் குறியீடுகளும் தனிக் குறிப்பில் உள்ளன. அவை இல்லாவிட்டால் மற்ற கடவுச்சொற்களில் பாதி, கைக்குக் கிடைத்தும் திறக்காது.