டேங்க் கழுவ ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனிக்க: 4,500 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு, எல்லாமே வாடகைக்கு விட்டவை. கீழே இருக்கும் சம்ப்பையும் மொட்டைமாடி டேங்க்கையும் கழுவ, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் புக் செய்தேன். 4,500 ரூபாய், முழுசும் முன்பணம்.

நம்பிக்கை வந்தது எதனால் தெரியுமா? முந்தின நாள் போனில் பேசிய சூப்பர்வைசரால். "சார், முதல்ல குடியிருக்கிறவங்களுக்கு நோட்டீஸ் ஒட்டிடுங்க" என்று வரிவரியாகச் சொன்னார். படிக்கட்டுப் பக்கம் ஒட்டியது இதுதான்:

"ஞாயிறு காலை 9 முதல் மதியம் 2 வரை தண்ணீர் வராது. தேவையானதை 8.30-க்குள் பிடித்து வையுங்கள். அதன் பிறகு குழாய்களைத் திறக்க வேண்டாம். கீசர், ஆர்.ஓ., வாஷிங் மெஷின் போட வேண்டாம். மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள், சம்ப்புக்குள் ஆள் இருப்பார். குழந்தைகளைச் சம்ப் பக்கமும் மாடிக்கும் விடாதீர்கள். தண்ணீர் வந்ததும் குழாயைச் சிறிது நேரம் திறந்துவிட்டு, கலங்கலும் குளோரின் வாடையும் போன பிறகு பயன்படுத்துங்கள்."

ஒரு குறை சொல்ல முடியாத நோட்டீஸ். இவ்வளவு தெரிந்தவர் வேலையில் கோட்டை விடுவாரா என்றுதான் உடனே பணம் கட்டினேன்.

ஒன்பதுக்கு வர வேண்டியவர்கள் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பிரஷ், ஒரு பக்கெட். சேறு இறைக்கிற மோட்டாரும் இல்லை, ஜெட் மெஷினும் இல்லை. "வேலை ஆரம்பிக்கணும்னா ஓடிபி சொல்லுங்க சார்" என்றார்கள். நானும் சொல்லிவிட்டேன். அது வேலை முடிந்ததற்கான ஓடிபி! நான் கீழ்வீட்டுப் பாட்டிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதற்குள், ஒன்றேகாலுக்கு ஆளைக் காணோம்.

டேங்க்குக்குள் கையை விட்டுச் சுவரைத் தடவினேன். அதே வழவழப்பு. வெளிக்குழாய் வாயில் சேறு அப்படியே கிடக்கிறது. சுவரைத் தேய்த்த பிறகு பிளீச்சிங் கரைசலைப் பூசி, அரைமணி நேரமாவது ஊறவிட்டு, அதை வடித்துவிட்டு, மறுபடியும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். முக்கால் மணி நேரத்தில் சம்ப், டேங்க் இரண்டுக்கும் எப்படி நடக்கும்? குளோரின் வாடையே இல்லை. ஆப்பில் 'வேலை முடிந்தது' என்று ஏற்றியிருந்த போட்டோவில் நீல டைல்ஸ் ஒட்டிய தொட்டி. எங்களுடையது வெறும் சிமெண்ட் பூச்சு!

சூப்பர்வைசரைக் கூப்பிட்டால், "பழைய டேங்க் சார், கறை போகாது." போட்டோவைப் பற்றிக் கேட்டால், "டீம்ல செக் பண்றேன்." அப்புறம் போனே எடுக்கவில்லை. ஆப்பில் புகார் செய்தால், "ஓடிபி கொடுத்துவிட்டீர்கள், பணம் திரும்பாது." 4,500 ரூபாய்! எட்டு வீட்டுக்காரர்களும் பக்கெட் பக்கெட்டாகப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தது தனிக்கணக்கு.

சரி, எப்படி ஆள் பிடிப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பாதிப் பணத்துக்கு மேல் முன்னால் தராதீர்கள். காலி டேங்க்கை நீங்களே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஓடிபி சொல்லுங்கள். இறைக்கிற மோட்டார் கொண்டுவராத ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.